பெரியப்பாவுக்கு மூன்று ஜூம் போட்டவன் நான்தான்

கேள்வி: கல்யாண வீடியோவில் ஏன் இவ்வளவு ஸ்லோமோஷன், இடி இடிக்கிற மாதிரி இசை, சொந்தக்காரர் முகத்துக்கு மூன்று முறை ஜூம்? மீம்ஸ் பார்த்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. எடுப்பவர்களுக்கே இது தெரியாதா?

தெரியும். நான் தஞ்சாவூர்ப் பக்கம் பதினைந்து வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன், எடிட்டிங்கும் நானே. வீட்டில் ஏதோ கல்யாணம் வருகிறது, அதனால்தான் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். சும்மா சிரிக்கக் கேட்டிருந்தாலும் பரவாயில்லை, சிரித்துவிட்டுப் படியுங்கள். உங்கள் போனுக்கு வந்த மீம்களில் ஒன்று என் வேலையாகவே இருக்கலாம்.

2019-இல் ஒரு ரிசப்ஷன். மாப்பிள்ளையும் பெண்ணும் உள்ளே வரும் என்ட்ரியை நான் சாதாரணமாக, நொடிக்கு 25 ஃப்ரேமில் எடுத்தேன். யாரும் ஸ்லோமோஷன் கேட்கவில்லை. பத்து நாள் கழித்துப் பெண்ணின் அண்ணன் போன் பண்ணினார். "எங்க சித்தி பொண்ணு கல்யாணத்துல நடந்து வர்றதே சினிமா மாதிரி இருக்கும், அப்படிப் போட்டுடுங்க." பாக்கிப் பணம் அவர் கையில். முடியாது என்று எப்படிச் சொல்வது?

ஸ்லோமோஷன் என்பது எடுக்கும்போதே முடிவாகிற விஷயம். நொடிக்கு 100 ஃப்ரேம் எடுத்து 25 ஃப்ரேம் வேகத்தில் ஓட்டினால் நாலு மடங்கு மெதுவாக, வழவழவென்று வரும். நான் எடுத்ததோ 25. அவர்கள் நடந்து வந்தது 8 நொடி, ஆக மொத்தம் 200 படங்கள். அதை 32 நொடிக்கு இழுக்க 800 படம் வேண்டும். மீதி 600 படத்தை எடிட்டிங் சாப்ட்வேர் தானாக ஊகித்து நடுவில் செருக வேண்டும். வெறும் சுவருக்கு முன்னால் ஒரே ஆள் நடந்தால் அந்த ஊகம் ஓரளவு தேறும். இங்கே இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று ரோஜா இதழ் தூவுகிறார்கள். ஓர் இதழ் மாமாவின் கைக்கு முன்னால் கடந்து போனதும் எது கை, எது இதழ் என்று சாப்ட்வேர் குழம்பிவிட்டது. மாமாவின் விரல்கள் மெழுகு மாதிரி உருகி மாப்பிள்ளை தோளில் ஒட்டிக்கொண்டன, அப்புறம் பிய்த்துக்கொண்டு வந்தன. பெண்ணின் வளையல் பாதி காற்றிலேயே கரைந்து போனது. நான் பார்த்தேன், சகித்துக்கொண்டேன், பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஒரு வாரத்தில் மாப்பிள்ளையின் நண்பர்கள் அந்தத் துண்டை மட்டும் வெட்டி, கீழே பேய்ப்பட இசை போட்டு வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டார்கள். எனக்கே நாலு குரூப்பில் வந்தது.

சரி, இனி எல்லாவற்றையும் 100-இல் எடுப்போம் என்று அடுத்த கல்யாணத்தில் இறங்கினேன். ஷட்டர் 1/200, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் நொடியில் இருநூறில் ஒரு பங்கு நேரம்தான் வெளிச்சம் உள்ளே போகும். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டால் பெண்ணின் முகத்தின் மேல் கறுப்புப் பட்டை மெதுவாக ஏறுகிறது. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மண்டப டியூப் லைட்டும் மலிவான எல்.இ.டி. விளக்கும் நொடிக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. 1/200 என்றால் ஒரு துடிப்பில் பாதிதான் கேமராவுக்குள் போகும். கேமரா சென்சார் படத்தை வரி வரியாகப் பதிவதால், சில வரிகளுக்கு வெளிச்சமான பாதி, சில வரிகளுக்கு மங்கிய பாதி. அதுதான் பட்டை. இப்போது மண்டபத்துக்குள் 50 ஃப்ரேம், ஷட்டர் 1/100. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரு முழுத் துடிப்பு கிடைக்கிறது, பட்டை இல்லை. வேகம் பாதிதான் குறையும், ஆனால் அது போதும். 100-ஐ வெயிலில் எடுக்கிற அவுட்டோருக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். அலங்கார சீரியல் லைட் சிலது இதற்கும் அடங்காது. அதைக் கேமராத் திரையில் முன்கூட்டியே பார்த்து, அந்தப் பக்கம் திரும்பாமல் இருக்க வேண்டியதுதான்.

அடுத்து இசை. ரசனை கெட்டவர்கள் என்று திட்டுகிறீர்கள். பல கேமராக்களில் அந்த ஸ்லோமோஷன் மோடில் சத்தமே பதிவாகாது. பதிவானாலும் கெட்டிமேளத்தை நாலு மடங்கு இழுத்தால் மாடு கத்துகிற மாதிரி இருக்கும். ஆக, மெதுவாக ஓடும் காட்சி ஊமைக் காட்சி, மேலே ஏதாவது போட்டே ஆக வேண்டும். சினிமாப் பாட்டுப் போட்டு யூடியூபில் ஏற்றினால் உரிமைக்காரர் பெயரில் அறிவிப்பு வருகிறது, சில நேரம் வீடியோவே தெரியாமல் போகிறது. அதனால் காசு கட்டி உரிமத்தோடு இசை வாங்குகிறோம். வாங்கும் தளங்களில் நாதஸ்வரத்தைத் தேடிப் பாருங்கள், கிடைப்பது கொஞ்சம்தான். பட டிரெய்லருக்கென்று போட்ட முரசும் கோரஸும் குவிந்து கிடக்கிறது. தாம்பூலப் பை கொடுக்கிற காட்சிக்குப் போர்க்களச் சத்தம் வந்த கதை இதுதான். நான் சாக்குச் சொல்வதாகச் சிலர் எழுதுவார்கள், எழுதட்டும். தாலி கட்டும்போது ஒரு கேமராவை மட்டும் 25 ஃப்ரேமில், சத்தத்தோடு ஓட விடுகிறேன். உங்கள் வீடியோக்காரரிடமும் அதைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது பெரியப்பா. தாலி கட்டுவது சில நொடி வேலை. ஒரு கல்யாணத்தில் மூன்றாவது முடிச்சு நேரத்தில் எனக்கு முன்னால் ஏழெட்டு செல்போன் எழும்பியது, கூடவே ஒரு முதுகு. என்னிடம் 6 நொடிக்கு ஓட்டை. அதை அடைக்கத்தான் வேறு முகங்களுக்கு வெட்டிப் போவது. அம்மாவின் கண் 2 நொடி, நாதஸ்வரக்காரரின் உப்பிய கன்னம் 1 நொடி. மீதி 3 நொடிக்குத் தேடியபோது ஒரு பெரியப்பாவின் முகம் கிடைத்தது. கண் கலங்கி, உதடு லேசாகத் திறந்து, எதையோ எதிர்பார்த்து. ஆனால் அந்த ஷாட்டே 1 நொடிதான். அதை மூன்று தடவை, தடவைக்குக் கொஞ்சம் கிட்டே, ஒவ்வொன்றுக்கும் ஒரு இடிச் சத்தத்தோடு போட்டேன்.

மேடை முழுக்க மஞ்சள் வெளிச்சம். அவர் முகத்தில் மட்டும் வெள்ளை டியூப் லைட். இதைக் கவனித்த ஒரு பையன் படத்தை நிறுத்தி, பெரிதாக்கி, மூலையில் வாழை இலை தெரிவதைக் கண்டுபிடித்துவிட்டான். அது காலை டிபன் பந்தியில் எடுத்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது கேசரி வரும் திசையை. கண் கலங்கியது மிளகாய்ப்பொடி.

அந்த மீம் ஊரெல்லாம் போனது. பெரியப்பா கோபித்துக்கொள்ளவில்லை, பார்க்கிறவர்களிடம் எல்லாம் தானே காட்டினாராம். மீம் போட்டவன் மேல் எனக்கும் கோபம் இல்லை, வெளிச்சத்தின் நிறத்தைப் பார்த்தே பிடித்தானே, கெட்டிக்காரன். கோபம் வேறு. விடியற்காலை நாலு மணியிலிருந்து நிற்கும் கேமராக்காரனை யாரும் பந்திக்குக் கூப்பிடுவதில்லை. "நீங்க அப்புறம் சாப்பிடலாம் தம்பி" என்பார்கள். அந்த அப்புறம் மத்தியானம் மூன்று மணிக்கு வரும், அதுவும் சாம்பார் தீர்ந்து, ரசமும் மோரும் மிஞ்சியிருக்கும்போது. அந்தக் கேசரியை நானும் எடுத்தேன், நெய் மினுங்க, முந்திரி தெரிய, 50 ஃப்ரேமில், அழகாக. ஒரு வாய் கிடைக்கவில்லை.