வழுக்காத தரை எது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஹாலும் சமையலறையும் சேர்த்து 300 சதுர அடி. வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய மாமியார், ஓடியாடும் இரண்டு பிள்ளைகள். விட்ரிஃபைட் டைல்ஸ் போடலாமா, கிரானைட்டா? எது வழுக்காது? (தஞ்சாவூர் வாசகி)

பாலிஷ் செய்தால் இரண்டுமே வழுக்கும். பளபளப்பான பரப்பில் தண்ணீர் சிந்தினால், காலுக்கும் தரைக்கும் நடுவே அது மெல்லிய படலமாக நின்றுவிடும். ஒதுங்கிப் போக இடமில்லை. மேட் ஃபினிஷ் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் உண்டு. தண்ணீர் அந்தப் பள்ளங்களில் இறங்கிவிடுவதால் கால் தரையைப் பற்றிக்கொள்ளும். அதனால் எந்தக் கல் என்பதைவிட எந்த ஃபினிஷ் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு மேட் ஃபினிஷ் விட்ரிஃபைட் டைல்ஸைத்தான் சொல்வேன். இது தண்ணீரை அநேகமாக உறிஞ்சாது, எண்ணெய்க் கறையும் உள்ளே இறங்காது. கடையில் வழுக்கல் மதிப்பு என்னவென்று கேளுங்கள். R9 முதல் R13 வரை இருக்கும். எண் கூடக் கூட வழுக்கல் குறையும். ஹாலுக்கு R9 போதும், சமையலறைக்கு R10 வாங்குங்கள். அதற்கு மேல் போனால் சொரசொரப்பில் அழுக்கு தங்கும், மாப் துணியும் சிக்கும். இந்த எண் செருப்போ ஷூவோ போட்ட காலுக்கான சோதனையில் கிடைப்பது. நாம் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பவர்கள். எனவே மாதிரி டைல் ஒன்றை வாங்கி வந்து, சோப்புத் தண்ணீர் தெளித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு காலால் தேய்த்துப் பாருங்கள்.

இரண்டடிக்கு நாலடி டைல் என்றால் இரண்டு டைல் கொண்ட ஒரு பெட்டி சுமார் 15.5 சதுர அடி வரும். சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்து 330 சதுர அடிக்கு 22 பெட்டி. இன்னொரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் ஒரு டைல் உடைந்தால் அதே நிறத்தில் கிடைப்பது கஷ்டம், ஏனென்றால் பேட்சுக்குப் பேட்ச் நிறம் மாறும். சமையலறை டைல் இடுக்குகளை அடைக்க மட்டுமாவது எபாக்ஸி கிரவுட் கேளுங்கள். சாதாரண சிமெண்ட் கிரவுட் மஞ்சளையும் எண்ணெயையும் குடித்துச் சீக்கிரம் கறுத்துவிடும்.

ஏற்கெனவே பளபள டைல்ஸ் போட்டுவிட்டோம். துடைத்த பிறகு இன்னும் அதிகமாக வழுக்குகிறது. ஏன்? (மதுரை வாசகர்)

பெரும்பாலும் தரை கிளீனர்தான் காரணம். பாட்டிலில் போட்டிருக்கும் அளவைவிடக் கூடுதலாக ஊற்றினால், காய்ந்த பிறகும் பிசுபிசுப்பான படிவு நிற்கும். அதன் மேல் ஈரம் பட்டதும் வழுக்கும். ஒரு வாரம் கிளீனர் இல்லாமல் வெந்நீரில் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒரு முறை துடைத்துப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் டைல்ஸை மாற்றத் தேவையில்லை.

அப்படியும் வழுக்கினால் வழுக்கல் தடுப்புப் பூச்சு செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். பளபளப்பு கொஞ்சம் மங்கும், பலனும் காலப்போக்கில் தேயும். அதனால் முழு வீட்டுக்கும் செய்யாமல், குளியலறை வாசல், சிங்க் முன்புறம் மாதிரி ஈரம் படும் இடங்களுக்கு மட்டும் செய்யுங்கள். முதலில் உபரி டைல் ஒன்றில் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

மார்பிள் தரையில் எலுமிச்சைச் சாறு கொட்டிய இடம் வெளிறிப் போய்விட்டது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. (கோவை வாசகி)

தேய்ப்பதை நிறுத்திவிடுங்கள், அது கறையே இல்லை. மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். எலுமிச்சை, புளி, வினிகர் என்று எந்தப் புளிப்பு பட்டாலும் மேற்பரப்பு அரிக்கப்பட்டுப் பளபளப்பு போய்விடும். விரலால் தடவினால் லேசாகச் சொரசொரப்பது தெரியும். அதற்கு மறுபாலிஷ்தான் வழி. கழிவறை ஆசிட்டை மார்பிள் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

எண்ணெய் இறங்கியிருந்தால் அது வேறு விஷயம்: அந்த இடம் வெளிறாமல் கறுத்துத் தெரியும். சமையல் சோடாவைக் கெட்டியாகக் குழைத்து அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விட்டு எடுத்தால் பெரும்பாலும் உறிஞ்சிக்கொள்ளும். வெளிர் நிறக் கிரானைட்டுக்கும் இதே வைத்தியம்தான். கிரானைட்டைப் புளிப்பு அரிக்காது, ஆனால் வெளிர் ரகங்கள் எண்ணெய் குடிக்கும். அதற்கு, எண்ணெய் உள்ளே இறங்காமல் தடுக்கும் சீலர் அடிக்க வேண்டும். சமையலுக்குப் புளி இல்லாமல் நமக்கு ஆகாது. மார்பிளைப் பூஜை அறையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மாடிப்படிக்கு கிரானைட் போடுகிறோம். பாலிஷ் வேண்டாமா? (சேலம் வாசகர்)

வேண்டாம், லேசான சொரசொரப்போடு வரும் லெதர் ஃபினிஷ் கேளுங்கள். பாலிஷ் கல்லை வாங்கிவிட்டீர்கள் என்றால், ஒவ்வொரு படியின் முன்விளிம்பை ஒட்டியும் இரண்டு மூன்று கோடு காடி வெட்டச் சொல்லுங்கள். பதிப்பதற்கு முன்பே வெட்டிவிட்டால் வேலை சுத்தமாக இருக்கும்.

படுக்கையறைக்கு மரத்தரை ஆசை. சென்னையில் தாங்குமா? (பெரம்பூர் வாசகி)

மாடி அறை என்றால் தாங்கும். தரைத்தளத்தில் ஈரக்கசிவும் கரையானும் இருப்பதால் நான் சொல்ல மாட்டேன். காய்ந்த தரையில் வெறுங்காலுக்கு மரம் நல்ல பிடிமானம் தரும். ஆனால் சாக்ஸ் போட்ட பிள்ளைகள் சறுக்குவார்கள். மரம் மாதிரியே தெரியும் மலிவான லேமினேட் தரையின் உள்ளே இருப்பது அழுத்திய மரத்தூள் பலகை. தினமும் ஈர மாப் போட்டால் இணைப்புகள் உப்பிவிடும், அதைப் பழையபடி ஆக்க முடியாது. நன்றாகப் பிழிந்த துணியால் மட்டும் துடைக்க வேண்டும். வேலைக்கு வருபவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.