தெரியாத பழைய டிமாண்டுக்கு ரீஃபண்டைப் பிடித்துக்கொண்டார்கள்: என்ன எழுதுவது?

*கேள்வி: ஐயா, நான் ஓய்வு பெற்றவன். இந்த ஆண்டு வருமான வரி ரீஃபண்ட் 46,800 ரூபாய் வர வேண்டும். மனைவியின் கண் அறுவைச் சிகிச்சைக்கு அதைத்தான் நம்பியிருந்தேன். செப்டம்பர் கடைசியில் பார்த்தால் ஒரு பைசா வரவில்லை. 2012-13 மதிப்பீட்டு ஆண்டில் 27,240 ரூபாய் பாக்கியாம், அதற்கு வட்டியாம். ரீஃபண்ட் முழுவதையும் பிடித்துக்கொண்டு இன்னும் 18,248 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். அந்த ஆண்டு வேலை பார்த்த கம்பெனி மாதாமாதம் சம்பளத்தில் வரி பிடித்தது, பிறகு மூடிவிட்டார்கள். இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு கடிதம்கூட வந்ததில்லை. ஆடிட்டர், "இதையும் கட்டிவிடுங்கள், தொல்லை விட்டது" என்கிறார். பிடித்தது தவறு என்று எழுதிக் கேட்க முடியுமா? நகல்களை இணைத்திருக்கிறேன்.*

பதில்: கேட்க முடியும். ஆனால் 18,248 ரூபாயை இப்போது கட்டாதீர்கள். வரித்துறைத் தளத்தில் எந்தப் பொத்தானையும் அழுத்துவதற்கு முன் இதை முழுவதும் படியுங்கள்.

உங்கள் கடிதத்தில் வழக்குக்கு உதவும் வரி ஒன்றே ஒன்றுதான்: "மாதாமாதம் சம்பளத்தில் வரி பிடித்தது". கடிதம் வராததும், சிகிச்சைச் செலவும், இத்தனை ஆண்டு கழித்துக் கேட்பதும் வருத்தம் தருபவைதான். ஆனால் அவற்றை வைத்து டிமாண்டை, அதாவது துறை கேட்கும் பாக்கியை, ரத்து செய்ய எந்த அதிகாரிக்கும் அதிகாரம் இல்லை.

ரிட்டர்னைச் சரிபார்த்துத் துறை அனுப்பிய 143(1) தகவலின் நகலைப் பார்த்தேன். சம்பளத்தில் மூலத்திலேயே பிடித்த வரி, அதாவது டிடிஎஸ், 34,000 ரூபாய் என்று ரிட்டர்னில் காட்டியிருக்கிறீர்கள். துறை ஏற்றுக்கொண்டது 12,500. கம்பெனி முதல் சில மாதங்கள் வரியைச் செலுத்திவிட்டு அப்புறம் நிறுத்தியிருக்கிறது. உங்கள் பெயரில் அரசுக்குக் கட்டப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவமும் அதையே சொல்கிறது. விடுபட்ட 21,500, அதன் மேல் முன்கூட்டியே வரி கட்டாததற்கான 234பி, 234சி வட்டி, ஆக 27,240. இது 2014 பிப்ரவரியில் போட்ட டிமாண்ட். பிரிவு 220(2)-இன்படி மாதம் 1 சதவீதம், அதாவது மாதம் 272 ரூபாய், 139 மாதத்துக்கு ஓடி 37,808 ஆகியிருக்கிறது. அசலைவிட வட்டி பெரியது. 2024-இல் துறை பழைய சிறு டிமாண்டுகளைத் தள்ளுபடி செய்ததே என்று யாராவது சொல்வார்கள். உங்கள் ஆண்டுக்கு அந்த வரம்பு 10,000 ரூபாய்தான், அதனால் அது உங்களுக்கு உதவாது.

வருமான வரிச் சட்டம் 1961, பிரிவு 205 சொல்வது இதுதான்: மூலத்தில் வரி பிடிக்க வேண்டிய வருமானத்தில் வரி பிடிக்கப்பட்டுவிட்டால், பிடித்த அளவுக்கு அதே வரியை வருமானம் பெற்றவரிடம் கேட்கக் கூடாது. பிடித்ததை அரசுக்குக் கட்டாதது கம்பெனியின் குற்றம், துறை கம்பெனியைத்தான் துரத்த வேண்டும். இப்படி விடுபட்ட டிடிஎஸ்ஸுக்காக ஊழியரிடம் கட்டாய வசூல் கூடாது என்று மத்திய நேரடி வரிகள் வாரியமே 2015 ஜூன் 1-ஆம் தேதி தன் அதிகாரிகளுக்கு எழுதியது. ரீஃபண்டிலிருந்து கழித்துக்கொள்வதும் மறைமுக வசூல்தான், பிரிவு 205 அதையும் தடுக்கிறது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2023-இல் ஒரு விமான நிறுவன ஊழியரின் வழக்கில் சொல்லியிருக்கிறது. அவர் நிலையும் உங்களுடையது போன்றதே. நிறுவனம் வரியைப் பிடித்தது, கட்டவில்லை.

முன்னறிவிப்பு இல்லை என்பது இரண்டாவது வாதம். ரீஃபண்டைப் பழைய பாக்கிக்குக் கழிப்பதானால், கழிக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது பிரிவு 245. டெல்லி உயர் நீதிமன்றம் 2013-இல் இதே சிக்கலைத் தானாகவே வழக்காக எடுத்து, முன்னறிவிப்பும் பதில் சொல்ல வாய்ப்பும் தராமல் கழிக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. இந்த வாதத்தை எழுத்தில் வையுங்கள், ஆனால் இதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். இதில் முழுக்க ஜெயித்தாலும் கிடைப்பது புதிய அறிவிப்பு ஒன்றுதான். அதற்குப் பதில் வாங்கிக்கொண்டு, டிமாண்ட் சரி என்று பட்டால் மறுபடியும் கழிப்பார்கள்.

இந்த வாதத்தில் வழுக்கி விழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "எனக்கு எதுவும் வரவில்லை" என்று ஆவேசமாக நாலு பக்கம் எழுதுவார்கள். அதிகாரி ஒரு வரியில் பதில் போடுவார்: இன்ன தேதியில், இன்ன மின்னஞ்சலுக்கு அனுப்பினோம். அந்த முகவரி ஆடிட்டருடையதாக இருக்கும். அந்தக் காலத்தில் ஆடிட்டர்கள் பல கட்சிக்காரர்களின் ரிட்டர்னில் தங்கள் மின்னஞ்சலையே போட்டுவிடுவது வழக்கம். ரிட்டர்னில் நீங்கள் கொடுத்த முகவரிக்குப் போனது உங்களுக்கு வந்ததாகவே கணக்கு. அதோடு கடிதத்தில் மற்றவை உண்மையாக இருந்தாலும் அதிகாரி நம்பத் தயங்குவார். ஆகவே முதலில் 2012-13 ரிட்டர்னின் நகலை எடுத்து, அதில் யார் மின்னஞ்சல் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு தளத்தில் பிரிவு 245 அறிவிப்பு ஏதாவது கிடக்கிறதா, என்ன தேதி, எந்த முகவரிக்குப் போனது என்று பாருங்கள். அது ஆடிட்டரின் முகவரியானால் "வரவில்லை" என்று எழுதாமல், "அனுப்பியதற்கான சான்றைத் தாருங்கள்" என்று கேளுங்கள். சேர்த்ததை நிரூபிக்கும் பொறுப்பு துறையுடையது என்று 2013 தீர்ப்பும் சொல்கிறது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது உங்கள் ஆடிட்டர் சொன்ன வழி. தளத்தில் `Pending Actions` என்பதன் கீழ் `Response to Outstanding Demand` பக்கம் இருக்கிறது. அங்கே கட்டப் போனால் `Demand is correct` என்பதைத் தேர்வு செய்யச் சொல்லும். ஒரு முறை அதைப் பதிந்துவிட்டால், பிறகு அந்த டிமாண்டை மறுக்க முடியாது என்று தளமே எச்சரிக்கிறது. பலர் அதைப் படிப்பதில்லை. 18,248-ஐக் கட்டித் தொலைத்துவிட்டு அப்புறம் 46,800-க்குச் சண்டை போடலாம் என்று நினைத்து வருகிறார்கள். அவர்கள் கையெழுத்திட்டது 18,248-க்கு மட்டுமல்ல, 27,240-க்கும் வட்டிக்கும் சேர்த்துத்தான். நீங்கள் தேர்வு செய்ய வேண்டியது மறுப்பு. முழுத் தொகைக்கும் மறுப்பு, காரணம் "மற்றவை". அதன் பெட்டியில் சுருக்கமாகப் பிரிவு 205-ஐக் குறிப்பிடுங்கள்.

அதோடு நிற்கக் கூடாது. தளத்தில் போடும் மறுப்பு பெரும்பாலும் உங்கள் மதிப்பீட்டு அதிகாரியிடம் போய்த் தேங்கும். ஆகவே அதே நாளில் அவருக்குத் தனிக் கடிதம் கொடுத்து, தபால் பிரிவில் முத்திரையும் தேதியும் போட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள். புகார்ப் பகுதியில் மட்டும் எழுதிவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு, "அதிகாரிக்கு அனுப்பப்பட்டது" என்று பதில் வந்து புகார் முடிக்கப்பட்டுவிடும். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். சாரம் இப்படி இருக்கட்டும்:

"2012-13 மதிப்பீட்டு ஆண்டுக்கான 27,240 ரூபாய் டிமாண்டை முழுமையாக மறுக்கிறேன். இதில் வரி 21,500 என் சம்பளத்தில் மூலத்திலேயே பிடிக்கப்பட்டது. சம்பளச் சீட்டுகளும் வங்கிக் கணக்கும் இணைப்பில். பிரிவு 205-இன்படி இதை என்னிடம் வசூலிக்க இயலாது, ரீஃபண்டில் கழிப்பதும் வசூலே. 143(1) தகவலையும் பிரிவு 245 முன்னறிவிப்பையும் எனக்குச் சேர்த்ததற்கான சான்றைத் தரவும். டிமாண்டைப் பதிவிலிருந்து நீக்கி, 46,800 ரூபாயைப் பிரிவு 244ஏ வட்டியுடன் திருப்பித் தரவும்."

கடைசி வரியில் உள்ள இரண்டு கோரிக்கைகளும் வேண்டும். பணத்தை மட்டும் கேட்டு வாங்கினால், பதிவில் கிடக்கும் டிமாண்ட் அடுத்த ஆண்டு ரீஃபண்டையும் விழுங்கும். வட்டியைக் குறையுங்கள், தவணை தாருங்கள், வயதானவன் என்று பாருங்கள் என்றெல்லாம் இந்தக் கடிதத்தில் எழுதாதீர்கள். அந்த வரிகளைக் கடனை ஒப்புக்கொண்டதாக அதிகாரி எடுத்துக்கொள்வார். வெறும் திருத்த மனு என்று மட்டும் தலைப்பிட்டும் கொடுக்க வேண்டாம். பிரிவு 154 திருத்தத்துக்கு நான்கு ஆண்டு கெடு, உங்கள் விஷயத்தில் அது 2018 மார்ச் 31-ஆம் தேதியே முடிந்துவிட்டது. அந்த ஒரு காரணத்தைச் சொல்லியே மனுவை மூடிவிடுவார்கள். பிரிவு 205 வசூலுக்கே தடை. இன்றைக்கு வசூலிக்கிறார்கள், இன்றைக்குத் தடுக்கலாம்.

இத்தனையும் நிற்பது ஒரு சான்றின் மேல். வரி "பிடிக்கப்பட்டது" என்று நீங்கள் காட்ட வேண்டும். வரி பிடித்ததற்குக் கம்பெனி தரும் சான்றிதழான ஃபார்ம் 16 இருந்தால் நல்லது, ஆனால் வரி கட்டாத கம்பெனி அதைக் கொடுத்திருக்காது. டிடிஎஸ் பிடித்தம் தனி வரியாகத் தெரியும் சம்பளச் சீட்டும், பிடித்தம் போக மீதித் தொகை அப்படியே வரவாகியிருக்கும் வங்கிக் கணக்கும் சேர்ந்தால் போதும். நீங்கள் அனுப்பிய மூன்று சீட்டுகளும் 2011 மே, ஜூன், ஜூலை மாதத்தவை. அவை துறை ஏற்றுக்கொண்ட 12,500-க்குள் அடங்கும் மாதங்கள் போலத் தெரிகிறது. தகராறு 2011 பிற்பாதிக்கும் 2012 மார்ச்சுக்கும் இடையில்.

அந்த மாதங்களுக்குச் சீட்டும் இல்லை, வங்கி வரவும் பொருந்தவில்லை என்றால், நேராகச் சொல்கிறேன், சண்டையை விட்டுவிடுங்கள். இந்தத் தொகைக்கு உயர் நீதிமன்றம் போனால் வழக்குச் செலவே அதைத் தாண்டும். அப்போது உங்களுக்குப் பிரிவு 220(2ஏ) இருக்கிறது. கட்டுவது உண்மையான கஷ்டத்தைத் தரும், தவறியது உங்கள் கையை மீறிய காரணத்தால், விசாரணைக்கு ஒத்துழைத்தீர்கள் என்ற மூன்றையும் காட்டினால், முதன்மை ஆணையர் 220(2) வட்டியைக் குறைக்கலாம், தள்ளுபடியும் செய்யலாம். கட்டிய வட்டிக்கும் இது பொருந்தும். கண் அறுவைச் சிகிச்சைக்கான மருத்துவமனைச் சீட்டுகளுக்கும் கம்பெனி மூடிய கதைக்கும் அந்த மனுவில்தான் இடம். 37,808 முழுவதும் தள்ளுபடியானால் நீங்கள் கொடுப்பது 27,240 மட்டும், பிடித்த 46,800-இல் 19,560 ரூபாய் திரும்ப வரும். ஆனால் பிரிவு 205 கடிதத்துக்கு எழுத்தில் பதில் வரும் வரை அந்த மனுவைக் கொடுக்காதீர்கள்.

வங்கிக்கு நாளைக்கே போங்கள். இத்தனை பழைய கணக்கு விவரத்தை எல்லாக் கிளைகளும் எடுத்துத் தராது. அப்படியானால் 2011-12 வரவுகள் அச்சான பழைய பாஸ்புக் வீட்டில் கிடைத்தால் அதன் தெளிவான நகலை எனக்கு அனுப்புங்கள், அதைப் பார்த்துவிட்டுக் கடிதத்தின் தொகைகளைச் சரி செய்து தருகிறேன்.