விடியற்காலையில் வந்த கனவு

கேள்வி: "என் வயது 41. அம்மாவுக்கு 68; சர்க்கரை, பிரஷர் உண்டு; தஞ்சாவூரில் தனியாக இருக்கிறார். போன மாதம் விடியற்காலை நாலரை மணிக்கு, அவர் கூடத்தில் இறந்து கிடப்பதாகக் கனவு கண்டேன். வாசலில் கோலம் இல்லை. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்கிறார்களே? அதற்கு இரண்டு நாள் முன்புதான், தூக்கத்துக்காகக் கடையில் வாங்கி மூன்று மாதம் போட்ட அல்பிரசோலாம் 0.5 மாத்திரையை நிறுத்தியிருந்தேன். இப்போது பயத்தில் தினமும் இரவில் இரண்டு போடுகிறேன். வலது கண் வேறு துடிக்கிறது. அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமா?"

பதில்: இந்தக் கனவால் உங்கள் அம்மாவுக்கு எதுவும் ஆகாது. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று சொல்லும் அதே ஊரில்தான், ஒருவர் இறந்ததாகக் கனவு கண்டால் அவருக்கு ஆயுசு கூடும் என்றும் பெரியவர்கள் சொல்கிறார்கள். பயந்த மனம் முதலாவதை மட்டும் பிடித்துக்கொள்கிறது.

விடியற்காலைக் கனவு அழுத்தமாக நினைவில் நிற்பதற்குக் காரணம் உண்டு. நம் தூக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக நடக்கிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும், மூடிய இமைக்குள் விழிகள் வேகமாக அசையும் ஒரு கட்டம் வருகிறது, தெளிவான கனவுகள் பெரும்பாலும் அதில்தான் தோன்றுகின்றன. முன்னிரவில் சில நிமிடங்களே நீடிக்கும் இந்தக் கட்டம், விடியலை நெருங்க நெருங்க அரை மணி நேரம் வரைகூட நீள்கிறது. அதன் நடுவில் திடுக்கிட்டு விழிப்பவருக்குக் கனவு முழுதாக நினைவிருக்கும். முன்னிரவுக் கனவுகளோ, நாம் தொடர்ந்து உறங்கிவிடுவதால், தடமில்லாமல் மறைந்துபோகின்றன.

என்னைக் கவலைப்பட வைப்பது அந்த மாத்திரைதான். அல்பிரசோலாம் கனவுக் கட்டத்தை ஓரளவு அடக்கி வைக்கும் மருந்து. மூன்று மாதம் தினமும் போட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால், அடங்கியிருந்த கட்டம் சில இரவுகளுக்கு அளவு மீறித் திரும்பி வரும். கனவுகள் நிஜம்போல, பெரும்பாலும் பயங்கரமாக இருக்கும். நிறுத்திய இரண்டாம் நாள் கனவு வந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கனவு வந்த காரணம் மாத்திரை அட்டையில் இருக்க, அதை நீங்கள் அம்மாவின் ஆயுளில் தேடியிருக்கிறீர்கள். தனியாக இருக்கும் தாயைப் பற்றிப் பகலெல்லாம் அடக்கி வைத்த கவலைதான் கோலமில்லாத வாசலாக வந்திருக்கிறது.

மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து இது. கடைக்காரர் கொடுத்ததும் தவறு, நீங்களாக அளவை இரட்டிப்பாக்கியது அதைவிடப் பெரிய தவறு. இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடவும் வேண்டாம். உடல் பழகிவிட்ட நிலையில் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வரும். சிலருக்கு வலிப்பே வந்துவிடும். இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரையோ பொது மருத்துவரையோ பாருங்கள். அவர் வாரக்கணக்கில் சிறிது சிறிதாக அளவைக் குறைத்து நிறுத்துவார். இடையில் வலிப்போ மனக்குழப்பமோ வந்தால், எந்த நேரமானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். கண் துடிப்பு, தூக்கம் கெட்டதால் இமைத் தசையில் வரும் சிறு துடிப்பு. தூக்கம் சீரானால் போய்விடும்.

மாத்திரையைக் குறைக்கும் நாட்களில் கனவு திரும்பலாம். அதற்கு ஒரு பயிற்சி உண்டு. பகலில், வெளிச்சமான நேரத்தில், கனவை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு நீங்கள் விரும்பும்படி அதை மாற்றி எழுதுங்கள். கூடத்தில் கிடந்த அம்மா எழுந்து உட்கார்ந்து, "என்னடி, இந்நேரத்துக்கு வந்து நிக்கிற?" என்று கேட்டுவிட்டுக் கோலமாவுக் கிண்ணத்தோடு வாசலுக்குப் போகிறார் என்று எழுதலாம். மாற்றிய காட்சியை மட்டும் தினமும் பத்து, பதினைந்து நிமிடம் கண்மூடி மனத்தில் ஓட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று வாரங்களில் பலருக்குக் கனவின் கடுமை தணிந்துவிடுகிறது. தணியாமல் வாரந்தோறும் வந்தாலோ, உறங்கப் போகவே அஞ்சினாலோ, அதையும் அந்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அம்மாவைக் குறித்து உங்களுக்கு இருக்கும் பயத்தில் நியாயமான பகுதி ஒன்று உண்டு. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள 68 வயதுப் பெண்மணி தனியாக இருக்கிறார். விடியற்காலையில் போன் செய்து அவரைப் பதற வைக்காமல், காலை எட்டு மணிக்கு என்று வைத்துக்கொண்டு தினமும் பேசுங்கள். சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா என்று கேளுங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் கடைசியாக எப்போது பார்த்தார் என்பதையும் கேட்டு, ஆறு மாதம் ஆகியிருந்தால் நீங்களே ஊருக்குப் போய் அழைத்துச் சென்று பார்த்துவிடுங்கள். எட்டு மணிக்கு அவர் போனை எடுக்காவிட்டால் எட்டிப் பார்க்க, பக்கத்து வீட்டில் ஒருவரிடம் மாற்றுச் சாவி கொடுத்து வையுங்கள்.