ஹெர்-2 நெகட்டிவ் என்ற பிறகும் ஹெர்-2 மருந்தா?

"அம்மாவுக்கு 58 வயது, எடை 50 கிலோ. மார்பகப் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவி, கீமோவும் கேட்கவில்லை. முதலில் ஹெர்-2 நெகட்டிவ் என்றவர்கள், இப்போது ஹெர்-2வுக்கான டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் போடலாம் என்கிறார்கள். நேராகப் புற்றுசெல்லுக்கே போகும் மருந்தென்றால் முடி கொட்டாது, பக்கவிளைவு இருக்காது என்று எடுத்துக்கொள்ளலாமா?"

அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். குமட்டல் நிச்சயம் எதிர்பார்க்கலாம், முடியும் கொட்டலாம். ஆனால் எனக்குக் கவலை நுரையீரலைப் பற்றித்தான்.

ஹெர்-2 என்பது புற்றுசெல்லின் மேல் இருக்கும் ஒரு புரதம். அது எவ்வளவு இருக்கிறது என்பதை 1+, 2+ என்று அளந்து எழுதுவார்கள். முதலில் பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். நெகட்டிவ் என்பதற்குப் பக்கத்தில் 1+ என்றோ, 2+ போட்டு அடுத்த ஜீன் பரிசோதனை நெகட்டிவ் என்றோ இருக்கும். இதைத்தான் இப்போது 'ஹெர்-2 லோ' என்கிறோம். வெறும் டிராஸ்டுசுமாப் ஹெர்-2வின் வேலையைத் தடுக்கும் மருந்து. அதற்கு ஹெர்-2 ஏராளமாக இருக்க வேண்டும். அம்மாவுக்குச் சொன்ன டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகானுக்கோ ஹெர்-2 உள்ளே நுழைய ஒரு வாசல், அவ்வளவுதான். சில வாசல்கள் இருந்தாலும் போதும்.

இந்த மருந்து, ஹெர்-2வில் போய் ஒட்டும் ஆன்டிபாடி என்ற புரதமும் கீமோவும் சேர்ந்தது. ஒவ்வொரு ஆன்டிபாடியிலும் ஏறத்தாழ 8 கீமோ மூலக்கூறுகள் சிறு இணைப்புகளால் கோத்திருக்கும். ஆன்டிபாடி ஹெர்-2வில் ஒட்டியதும் செல் அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே இருக்கும் நொதிகள் இணைப்பை வெட்ட, கீமோ விடுபட்டு டிஎன்ஏவை உடைக்கிறது. செல்லின் சவ்வைக் கடந்து, ஹெர்-2 இல்லாத பக்கத்துப் புற்றுசெல்லையும் அது கொல்லும். ஹெர்-2 லோ நோயில் இது பலிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கீமோ முடித்த ஹெர்-2 லோ நோயாளிகளிடம் செய்து 2022-இல் வெளியான ஆய்வில், நோய் வளராமல் இருந்த காலம் வழக்கமான கீமோவில் 5.1 மாதம், இதில் 9.9 மாதம்.

அம்மாவுக்குக் கிலோவுக்கு 5.4 மி.கி. வீதம் 270 மி.கி., 3 வாரத்துக்கு ஒருமுறை. அதில் கீமோவின் எடை மட்டும் நான் கணக்குப் போட்டால் 7 மி.கி.தான் வருகிறது, மீதி எல்லாம் அதைச் சுமக்கும் ஆன்டிபாடி. அந்தக் கொஞ்சத்திலும் ஒரு பகுதி ரத்தத்திலேயே கழன்றுவிடும். வேறு செல்களும் மருந்தை விழுங்கும். முடியும் வயிறும் பாதிக்கப்படுவது அதனால்தான்.

நுரையீரலுக்கு வருவோம். அதே ஆய்வில் 100 பேரில் 12 பேருக்கு நுரையீரல் அழற்சி வந்தது. பெரும்பாலும் லேசானது, ஆனால் ஒரு சிலர் அதனால் இறந்தார்கள். ஆரம்பம் வறட்டு இருமல்தான். மாடிப்படி ஏறினால் புதிதாக மூச்சு வாங்கும், சிலருக்குக் காய்ச்சலும் இருக்கும். பார்த்தால் சாதாரணச் சளி மாதிரியே தெரியும், அதுதான் ஆபத்து. இருமல் சிரப் கொடுத்துக்கொண்டு அடுத்த ஊசி நாள்வரை காத்திருக்காமல், அன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சிடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார். தொந்தரவு எதுவும் இல்லாமல் ஸ்கேனில் மட்டும் அழற்சி தெரிந்தால் ஊசியை நிறுத்திவைத்து, சரியான பின் தொடரலாம். இருமலும் மூச்சிரைப்பும் இந்த அழற்சியால்தான் என்று தெரிந்தால் உடனே ஸ்டீராய்டு தொடங்குவோம். இந்த மருந்தை மறுபடி போடுவதில்லை.