சதுர மேசைக் கணக்கில் இடம் வலம் மாறிப்போவது ஏன்?

கேள்வி: வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். சதுர மேசையில் எட்டுப் பேர், மூலையில் இருப்பவர்கள் உள்ளே பார்க்கிறார்கள், பக்கத்தின் நடுவில் இருப்பவர்கள் வெளியே பார்க்கிறார்கள் என்று வரும் கணக்கில் எல்லாம் சரியாகப் பொருந்துகிறது, ஆனால் விடை தப்பாகிறது. எங்கே தவறுகிறேன்?

நானும் இதே இடத்தில்தான் வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டிருந்தேன். கோளாறு இடம், வலத்தில் இருக்கிறது. மையத்தைப் பார்ப்பவருக்கு வலப்பக்கம் என்பது கடிகாரத்துக்கு எதிர்ச் சுற்று. வெளியே பார்ப்பவருக்கு அதே வலப்பக்கம் கடிகாரச் சுற்று. சந்தேகம் வந்தால் படத்தில் அவர் முகம் பார்க்கும் பக்கம் ஓர் அம்பு போட்டு, அம்பு மேல்நோக்கி வரும்படி தாளைத் திருப்புங்கள். அப்போது உங்கள் வலக்கைதான் அவருடைய வலக்கை.

ஒன்றைப் போட்டே பார்ப்போம். மேல் இடது மூலைக்கு 1 என்று எண் போட்டு, கடிகாரச் சுற்றில் 8 வரை போகலாம். ஒற்றை எண்கள் மூலை, இரட்டை எண்கள் நடு.

குறிப்புகள் இவை: அமலா மூலையில். அமலாவுக்கு வலப்பக்கம் மூன்றாவது பாலு. பாலுவுக்கு இடப்பக்கம் இரண்டாவது செல்வி. செல்விக்கு நேர் எதிரே தாமு. தாமுவுக்கு இடப்பக்கம் அடுத்து மணி. மணிக்கு நேர் எதிரே ராணி. அமலாவை ஒட்டி கணேஷ். மிச்சம் ஈஸ்வரி.

அமலாவை 1இல் வைத்தால் வலப்பக்கம் 8, 7, 6 என்று எண்ணி பாலு 6இல் வருகிறார். இரட்டை எண், அதனால் வெளியே பார்க்கிறார். அவருக்கு இடப்பக்கம் 5, 4. செல்வி 4, எதிரே தாமு 8. தாமுவும் வெளியே பார்ப்பவர், ஆகவே மணி 7. எதிரே ராணி 3. கணேஷ் 2, ஈஸ்வரி 5.

இனி தப்பைப் பாருங்கள். பாலு வெளியே பார்ப்பதை அந்த ஒரு இடத்தில் மட்டும் மறந்துவிட்டால் செல்வி 8க்குப் போகிறார், தாமு 4க்கு வருகிறார், மணி 3, ராணி 7. கணேஷுக்கு அப்போதும் 2 காலியாக இருக்கிறது, ஈஸ்வரிக்கு 5. எட்டு நாற்காலியும் நிரம்பிவிடும், எங்கும் முட்டாது. உங்களுக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான். எல்லோரையும் உள்ளே பார்க்க வைத்திருந்தால் மணி 5க்குப் போய், ராணிக்கான இடத்தில் அமலா உட்கார்ந்திருப்பார். தப்பு உடனே தெரிந்துவிடும். பாதி மறதிதான் ஆபத்து.

அதனால் ஒரு பெயரைக்கூட எழுதும் முன் எட்டு அம்புகளையும் போட்டுவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன், பத்து நொடி ஆகும். படம் முடிந்ததும் எண்ணிப் போட்ட வரிசையிலேயே சரிபார்க்காமல், குறிப்புகளைக் கடைசியிலிருந்து மேலே படித்து ஒவ்வொருவரிடமும் அம்பைப் பார்த்துச் சரிபாருங்கள்.

யார் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்று சொல்லாமல் ‘சிலர் மையத்தைப் பார்க்கிறார்கள்’ என்று மட்டும் வந்தால் முன்கூட்டியே அம்பு போட முடியாது. அங்கே இரண்டு படம் போட்டு, குறிப்புகள் எதை உடைக்கின்றன என்று பார்த்துத்தான் ஆகவேண்டும்.