சின்னச் சிலையின் அளவைப் படத்திலேயே காட்ட

"4 செ.மீ. பித்தளைப் பிள்ளையார் விற்கிறேன். உயரத்தை எழுதியும் 'இவ்வளவு சின்னதா?' என்று திருப்பி அனுப்புகிறார்கள்."

சிலையை ஒட்டி, கேமராவிலிருந்து அதே தூரத்தில், ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தி வையுங்கள். அதில் பூஜ்யம் விளிம்பிலேயே தொடங்கும். பிளாஸ்டிக் ஸ்கேலில் பெரும்பாலும் இடைவெளி இருப்பதால் உயரம் குறைத்துக் காட்டும். ஸ்கேல் பின்னால் தள்ளிப்போனால் சிலை பெரிதாகத் தெரியும். நாணயம் வேண்டாம், ஒரு ரூபாயே வெளியான ஆண்டுக்கேற்ப அளவு மாறுகிறது.

அப்புறம், சிலையை உள்ளங்கையில் நிறுத்தி, மணிக்கட்டு வரை தெரிய ஒரு படம். இரண்டு விரலால் பிடித்து கேமரா பக்கம் நீட்டினால் 4 செ.மீ. சிலையும் சாண் உயரமாகத் தெரியும். போனைச் சற்றுத் தள்ளி வைத்து 2x ஜூமில் எடுத்தால் இது குறையும். இந்தப் படத்தை இரண்டாவதாகப் போடுங்கள்; கடைசிப் படம்வரை பலர் தள்ளிப் பார்ப்பதில்லை.