தராசு சரி என்கிறது, கோப்பை இல்லை என்கிறது

*“வீட்டில் எஸ்பிரஸ்ஸோ போடுகிறேன். கிரைண்டரின் மேலே கொட்டை நிரப்பும் ஹாப்பரை எடுத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் 18 கிராம் கொட்டையை எடைபோட்டு அரைக்கிறேன். 17.9 கிராம் தூள் வந்துவிடுகிறது. அப்படியானால் கிரைண்டருக்குள் எதுவும் தங்கவில்லைதானே? ஆனாலும் காலையில் முதல் ஷாட் 20 வினாடியில் ஓடிவிடுகிறது, சப்பென்று இருக்கிறது. அடுத்தது 28 வினாடியில் அருமையாக வருகிறது. வேறு கிரைண்டர் வாங்க வேண்டுமா?” — வாசகர், கோயம்புத்தூர்*

வாங்க வேண்டாம், இப்போதைக்கு. தராசு பொய் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு தூள் வந்தது என்பது தராசுக்குத் தெரியும். எந்த நாள் தூள் வந்தது என்பது தெரியாது.

மாவு மில்லுக்குப் போனவர்களுக்கு இது புதிதல்ல. மிளகாய் அரைத்த மெஷினில் அடுத்து அரிசியைக் கொட்டினால் முதலில் வருவது சிவப்பு மாவுதான். பத்துக் கிலோ போட்டவருக்குப் பத்துக் கிலோ கிடைத்துவிடும். ஆனால் அதன் முதல் பிடி முந்தைய ஆளுடையது, இவருடைய கடைசிப் பிடி மெஷினுக்குள் அடுத்தவருக்காகக் காத்திருக்கிறது. உங்கள் கிரைண்டரிலும் நடப்பது இந்தக் கைமாற்றம்தான். கொட்டையை அரைக்கும் பல்வட்டுகளான பர்களைச் சுற்றியுள்ள அறையிலும் தூள் வெளியே வரும் குழலிலும் நேற்றைய தூள் கொஞ்சம் நிற்கிறது. இன்றைய தூள் அதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

கிரைண்டரைக் கழற்றிச் சுத்தம் செய்த அன்று எடைபோட்டிருந்தால் இது தெரிந்திருக்கும். அன்றைக்கு 18 கிராம் போட்டால் 15, 16 கிராம்தான் வரும். காணாமல் போனது உள்ளே இடம் பிடித்துக்கொள்கிறது. அந்த இடம் ஒருமுறை நிரம்பிவிட்டால் அதன்பிறகு போட்டதும் வந்ததும் ஒன்றாகிவிடும். ஆகவே உங்கள் 17.9 தேக்கம் இல்லை என்பதைத்தான் காட்டுகிறது என்று சொல்ல முடியாது, தேக்கம் நிறைந்துவிட்டது என்பதையும் அது காட்டலாம்.

நேற்றைய தூளால் என்ன கெடுகிறது? கொட்டையாக இருக்கும்போது காபி வாரக்கணக்கில் தாங்கும். தூளானதும் மணமும் உள்ளே அடைபட்டிருந்த கரியமில வாயுவும் வேகமாக வெளியேறிவிடுகின்றன. வாயு இழந்த தூள் தண்ணீரை அவ்வளவாகத் தடுக்காது. அதனால்தான் ஷாட் வேகமாக ஓடுகிறது, சுவையும் தட்டையாகிறது. டிகாக்‌ஷன் போடுபவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. பில்டரில் தண்ணீர் தன் பாட்டில் மெதுவாக இறங்குகிறது. எஸ்பிரஸ்ஸோவில் அழுத்தத்தோடு அரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுவதால் சிறு வித்தியாசமும் நாக்குக்குத் தெரிந்துவிடும்.

எவ்வளவு தேங்குகிறது என்பதை நிறத்தை வைத்து அளக்கலாம். கறுப்பாக வறுத்த கொட்டை கொஞ்சம், இளம்பழுப்பாக வறுத்தது 18 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கறுப்பை அரைத்துக் கொட்டிவிடுங்கள். பிறகு இளம்பழுப்பைச் சிறிது சிறிதாகப் போட்டு, வருகிற தூளை ஏறத்தாழ இரண்டிரண்டு கிராமாக வெள்ளைத் தாளில் வரிசையாகக் குவித்துக்கொண்டே வாருங்கள். என் வீட்டுத் தட்டை பர் கிரைண்டரில் செய்தபோது முதல் குவியல் ஏறக்குறைய முழுக் கறுப்பு. இரண்டாவதில் இரு நிறமும் கலந்திருந்தன. மூன்றாவதில் அங்கங்கே கரும்புள்ளி. நான்காவது சுத்தமாக வந்தது. மொத்தமாகக் கூட்டினால் 4 கிராம் போல பழையது. 18 கிராம் கோப்பையில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். முதல் ஷாட் ஏன் சொதப்பியது என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

எளிய வைத்தியம், முதலில் கொஞ்சம் அரைத்துக் கொட்டிவிடுவது. காபிக் கடைகளில் இதைப் பர்ஜ் என்பார்கள். தேக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக, என் கணக்கில் 5 கிராம். ஒவ்வொரு ஷாட்டுக்கும் இது வேண்டாம். அடுத்தடுத்துப் போடும்போது உள்ளே நிற்பதும் புதுத் தூள்தான். காலை முதல் ஷாட்டுக்கு முன்பும், நீண்ட இடைவெளிக்குப் பிறகும், அரைக்கும் அளவை மாற்றியபோதும் கட்டாயம் வேண்டும். அளவை மாற்றியதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு கோடு நைசாக்கிவிட்டு உடனே ஷாட் போட்டால் அதில் ஒரு பகுதி பழைய அளவில் அரைந்த தூளாக இருக்கலாம். மாற்றமே தெரியவில்லையே என்று இன்னொரு கோடு திருப்புவார்கள், அடுத்த ஷாட் அடைத்துக்கொள்ளும்.

நாளுக்கு 5 கிராம் என்றால் மாதத்துக்கு 150 கிராம். கால் கிலோ பாக்கெட்டில் பாதிக்கு மேல் குப்பைக்கு. சிக்கமகளூர் எஸ்டேட் கொட்டையைத் தேடி வாங்குபவருக்கு அது வலிக்கும். எடைபோட்டு அரைக்கும் சிங்கிள் டோஸிங்கின் பயன் அங்கேதான், ஆனால் உள்ளே தங்குவதையும் வெளியே எடுத்தால் மட்டுமே. நீங்கள் செய்ததில் விடுபட்ட பாதி அது.

கொட்டையை எடைபோட்டதும் அதன்மேல் ஓரிரு துளி தண்ணீர் தெளித்துக் கலக்குங்கள். டேவிட் ராஸ் என்பவரின் பெயரால் இதை ராஸ் துளி முறை என்கிறார்கள். அரைபடும்போது உராய்வில் தூளில் ஏறும் மின்னூட்டத்தைத் தண்ணீர் குறைக்கிறது, தூள் சுவர்களில் ஒட்டாமல் இறங்குகிறது. அமெரிக்காவின் ஓரிகான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வும் இதை உறுதி செய்தது. துளிதான், நனைக்கக் கூடாது. மிஞ்சினால் தூள் பசையாகிக் குழலில் இன்னும் கெட்டியாக ஒட்டும்.

அடுத்தது ஊதுபை. ஹாப்பர் இருந்த இடத்தில் பொருத்தும் ரப்பர் துருத்தி இது, பல மாடல்களுக்குத் தனியாகவே கிடைக்கிறது. அரைந்து முடிந்து மோட்டார் வெறுமனே சுற்றும் சத்தம் கேட்டதும், ஓடிக்கொண்டிருக்கும்போதே நாலைந்து முறை அமுக்குங்கள். என்னுடைய 4 கிராம் இப்படி ஒரு கிராமுக்குக் கீழே வந்தது.

ஆனால் ஊதுபையை வாங்கிய அன்றே ஊதாதீர்கள். மூலைகளில் மாதக்கணக்கில் எண்ணெய்ப் பிசுக்கோடு இறுகிக் கிடப்பது வேறொரு வகைத் தேக்கம். அது சும்மா கிடக்கும்வரை கோப்பைக்கு வராது, ஊதினால் கட்டியாகப் பெயர்ந்து இன்றைய தூளில் விழும். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இப்போதைய அளவைக் குறித்துக்கொண்டு, மேல் பரைக் கழற்றித் தூரிகையாலும் வேக்குவத்தாலும் எடுத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை போதும். தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம், அரிசி போட்டு ஓட்டவும் வேண்டாம்.

எடைபோட்டு அரைப்பதில் ஒரு குறையும் உண்டு. மேலே கொட்டையின் பாரம் இல்லாததால் கடைசிச் சில கொட்டைகள் பொரி போலத் துள்ளிக்கொண்டே அரைபடும், அரைவை சீராக இராது, ஷாட் சற்று வேகமாகும். ஒன்றிரண்டு கோடு நைசாக்கினால் சரியாகிவிடும். ஹாப்பர் நிறைந்திருந்தபோது வைத்த அளவையே இப்போதும் வைத்திருந்தால் அதை மாற்றுங்கள்.

நாளைக் காலை எதையும் வாங்குவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். எஸ்பிரஸ்ஸோ மெஷினையும் தூள் போடும் கைப்பிடியையும் வழக்கம்போலச் சூடாக்குங்கள். 5 கிராம் அரைத்துக் கொட்டிவிட்டு, 18 கிராம் அரைத்து முதல் ஷாட்டைப் போடுங்கள். 28 வினாடிக்கு அருகில் வந்தால் குற்றவாளி பழைய தூள், ஊதுபையும் துளித் தண்ணீரும் போதும். அப்போதும் 20 வினாடியில் ஓடினால் கிரைண்டரை விட்டுவிட்டு மெஷினைப் பாருங்கள். நேரம் சரியாக வந்தும் புளிப்புத் தூக்கலாக இருந்தால் கைப்பிடி இன்னும் சூடேறாமல் இருக்கலாம். இன்னும் பத்து நிமிடம் கூடுதலாகச் சூடாகவிட்டு மறுபடி பாருங்கள்.